பொண்ணுங்க கபடி டீமுக்கு ஜெர்சி ஸ்பான்சர் கேக்குறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்காசி மாவட்டத்துல ஒரு சின்ன ஊர்ல பொண்ணுங்களுக்கு கபடி சொல்லிக்கொடுக்குற குழு நாங்க. பக்கத்து ஊர் டீம்காரங்க போன்லயும் மேட்ச் நடக்குற இடத்துலயும் எங்ககிட்ட கேக்குற கேள்விகளை இங்க ஒண்ணா போட்டிருக்கோம். பெரிய கம்பெனிக்கு புரபோசல் அனுப்புறது பத்தி இதுல ஒண்ணும் இல்ல, கடைத்தெருவுல இருக்க ஒரு கடைக்காரர்கிட்ட ஐயாயிரம் ரூபா கேக்குறது பத்தி மட்டும்தான்.

எந்த கடைல முதல்ல கேக்குறது? பெரிய ஜவுளிக்கடையா, நகைக்கடையா?

ரெண்டும் வேணாம். ஊர்ல யார் எதுக்கு வசூலுக்கு கிளம்புனாலும் அந்த ரெண்டு கடைலதான் முதல்ல ஏறுவாங்க. ஆடித்தபசு சமயத்துலயும் கோயில் கொடை சமயத்துலயும் அங்க போய் நின்னு பாருங்க, நோட்டு புக்கோட வர்றவங்களுக்கு குடுக்கன்னே கல்லாப்பெட்டில தனியா நூறு ரூபா தாள் வச்சிருப்பாங்க. அந்த வரிசைல நீங்களும் போய் நின்னா உங்களுக்கும் ஒரு நூறு ரூபா தாள், கணக்கு முடிஞ்சிரும்.

நீங்க பாக்க வேண்டியது, உங்க மேட்ச்ச பாக்க வர்ற ஆளுங்க யாரு, அவங்க காசு எந்த கடைக்கு போகுதுன்னுதான். எங்க பக்கம் ராத்திரி லைட் போட்டு நடக்குற கபடிக்கு வந்து உக்கார்றவங்கள்ல பெயிண்டர், கொத்தனார், எலக்ட்ரீசியன், பிளம்பர் நிறைய பேர். வீடு கட்டுறவர் கைல காசு இருந்தாலும் எந்த கடைல பெயிண்ட் எடுக்கணும், எந்த கம்பெனி பைப் வாங்கணும்னு சொல்றது இவங்கதான். அதனால பெயிண்ட் கடை, ஹார்ட்வேர்ஸ் கடைக்காரருக்கு கபடி களம்ங்கறது அவரோட வாடிக்கையாளர் கூட்டமா உக்கார்ற இடம். இதை எடுத்து சொன்னா அவருக்கு உடனே புரியும், ஏன்னா அந்த ஆளுங்களை அவருக்கு பேர் சொல்லியே தெரியும். உங்க ஊர்ல கூட்டம் வேற மாதிரி இருந்தா கடையும் மாறும், காலேஜ் பசங்க நிறைய வந்தா மொபைல் கடை, விவசாயிங்க வந்தா உரக்கடை.

இன்னொண்ணு, உங்க டீம் பொண்ணுங்கள்ல ஒருத்தியோட அப்பாவோ மாமாவோ அந்த கடைல ரெகுலரா சாமான் எடுக்குறவரா இருந்தா அவரை கூட கூட்டிட்டு போங்க. பேசுறது நீங்க பேசுங்க, அவர் சும்மா கூட நின்னா போதும்.

எவ்வளவு கேக்கலாம்? அதிகமா கேட்டாதானே பாதியாவது கிடைக்கும்?

இந்த யோசனையை விட்ருங்க. கடைக்காரர் காலைல இருந்து ராத்திரி வரைக்கும் பேரம் பேசுறதையே பாக்குறவரு, ஏத்தி சொன்ன விலை அவருக்கு உடனே தெரிஞ்சிரும். தெரிஞ்சதுக்கப்புறம் நீங்க சொல்ற வேற எதையும் நம்ப மாட்டாரு.

ஒரு பொருளை எடுத்துக்கோங்க, அதோட உண்மையான விலைய கேளுங்க. எங்க கணக்கை சொல்றேன். கபடில களத்துல ஏழு பேர், மாத்து ஆட்டக்காரங்க அஞ்சு பேர், ஆக 12 பேர். பனியனும் ஷார்ட்ஸும் சேர்ந்த ஒரு செட்டுக்கு திருப்பூர் பார்ட்டி 400 ரூபா கொட்டேஷன் குடுத்தாங்க, 12 செட்டுக்கு 4800. பார்சல் சார்ஜ் 200. மொத்தம் 5000. இவ்வளவுதான் கேட்டோம். முட்டிக்கு போடுற நீ கேப், போய்வர்ற பஸ் காசு, போட்டிக்கு கட்டுற என்ட்ரி பீஸ் எல்லாம் நாங்களே பாத்துக்குறோம்னு லெட்டர்லயே எழுதிட்டோம். இந்த கடைசி வரி ரொம்ப முக்கியம்ங்க. நீங்களும் கைக்காசு போடுறீங்கன்னு தெரிஞ்சாதான் அவருக்கு குடுக்க மனசு வரும்.

அந்த கொட்டேஷன் வாட்ஸாப்ல வந்திருந்தாலும் பிரிண்ட் எடுத்து லெட்டரோட பின் பண்ணிருங்க. இங்க சொன்ன ரேட்டை அப்படியே எடுத்துக்காதீங்க, துணிக்கு துணி, ஆர்டர் எண்ணிக்கைக்கு எண்ணிக்கை விலை மாறும்.

நாங்க சின்ன டீம், கப்பு கூட ஜெயிச்சதில்ல. கடைக்காரருக்கு திருப்பி என்ன தர முடியும்?

கப்பை வச்சு ஒண்ணும் வரப்போறதில்ல, பேர் எத்தனை பேர் கண்ணுலயும் காதுலயும் படுதுங்கறதுதான் அவருக்கு வேணும். உங்ககிட்ட நிஜமா இருக்கறது மூணு விஷயம்.

முதல்ல ஜெர்சி முதுகு. ரைடர் கோட்டை தாண்டி எதிர் களத்துக்குள்ள போறப்ப சொந்த பக்கம் உக்காந்திருக்க கூட்டம் முழுக்க அவ முதுகைதான் பாக்கும், அதனால கடை பேரை நெஞ்சுல போடுறதை விட முதுகுல நம்பருக்கு மேல போடுறதுதான் கடைக்காரருக்கு லாபம். இதை அவர்கிட்ட விளக்கி சொல்லுங்க, யோசிச்சு வந்திருக்காங்கன்னு தெரியும்.

ரெண்டாவது மைக். எங்க பக்கம் மேட்ச் வர்ணனை பண்றவர் டீம் உள்ள இறங்குறப்ப "இந்த அணிக்கு சீருடை உபயம்..."னு இழுத்து கடை பேரை சொல்லுவாரு, டைம் அவுட் கேக்குறப்ப மறுபடி சொல்லுவாரு. ராத்திரி நேரத்துல குழாய் ஸ்பீக்கர் ரெண்டு தெருவுக்கு கேக்கும். ஆனா மைக் உங்க கைல இல்ல, போட்டி நடத்துறவங்க கைல இருக்கு. அதனால "சொல்லுவாங்க"ன்னு வாக்கு குடுக்காதீங்க, "சொல்லச் சொல்லி ஒவ்வொரு போட்டிலயும் சீட்டு எழுதி குடுப்போம்"னு எழுதுங்க. அந்த சீட்டுல கடை பேர், எந்த தெரு, என்ன விக்கிறாங்க, மூணே வரி பெருசா எழுதிக் குடுத்தா வர்ணனையாளரும் சந்தோஷமா படிப்பாரு.

மூணாவது, ஒரு வருஷத்துக்கு முதுகுல வேற எந்த கடை பேரும் வராதுங்கற உறுதி. இதுக்கு உங்களுக்கு காலணா செலவில்ல, ஆனா எதிர் வரிசைல இன்னொரு பெயிண்ட் கடை இருக்கவருக்கு இது பெரிய விஷயம்.

பேனர் வைக்கிறோம்னு மட்டும் சொல்லாதீங்க. ரோட்டோரம் பேனர் வைக்கணும்னா அனுமதி வாங்கணும். 2019ல சென்னை பள்ளிக்கரணைல பேனர் விழுந்து ஸ்கூட்டர்ல போன ஒரு பொண்ணு உயிரே போச்சு. அந்த வம்பும் வேணாம் அந்த ஆபத்தும் வேணாம்.

வர்ற கூட்டம் எவ்வளவுன்னு கேட்டா என்ன சொல்றது?

எண்ணி சொல்லுங்க. போன சீசன்ல போன மைதானங்களை நினைச்சு பாருங்க, நாலு பக்கமும் எத்தனை வரிசை, ஒரு வரிசைல சுமாரா எத்தனை பேர். பெருக்கி வர்றதுல கொஞ்சம் குறைச்சே எழுதுங்க. 250 பேர் இருந்த இடத்துல 2000 பேர்னு எழுதுனா, அதே மைதானத்துக்கு கடைக்காரரோட தம்பி வந்திருப்பாரு. ஊர் சின்னது, எல்லாம் தெரிஞ்சிரும்.

லெட்டர் எப்படி எழுதணும்? மாதிரி இருந்தா குடுங்களேன்.

ஒரே பக்கம். கையெழுத்து நல்லா இருந்தா கைல எழுதினாலே போதும். "விளையாட்டுத் துறையின் வளர்ச்சிக்கு தங்களின் மேலான ஆதரவை" அப்படின்னு அரை பக்கம் ஓட்டாதீங்க, கடைல ஆள் நிக்கிறப்ப ஒரு கைல பில் போட்டுக்கிட்டே படிப்பாரு, மூணாவது வரிலயே என்ன வேணும், எவ்வளவுன்னு தெரியணும். நாங்க எழுதுனது கிட்டத்தட்ட இப்படித்தான்:

> பெறுநர்: உரிமையாளர் அவர்கள், (கடை பெயர்), (தெரு)
>
> அன்புள்ள ஐயா, வணக்கம்.
>
> நம் ஊர் மேல்நிலைப்பள்ளி மைதானத்தில் தினமும் மாலை 5 முதல் 7 மணி வரை கபடி பயிற்சி எடுக்கும் பெண்கள் அணி நாங்கள். அணியில் 12 பேர். வரும் தை முதல் வைகாசி வரை சுற்றுவட்டாரத்தில் நடக்கும் போட்டிகளில் குறைந்தது ஐந்தில் விளையாட இருக்கிறோம். அதற்கு 12 சீருடைகள் தேவை. செலவு ரூ.5,000. விலைப்பட்டியல் இணைத்துள்ளோம். இந்தத் தொகையைத் தங்கள் கடை விளம்பரமாக ஏற்றுக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறோம். மற்ற செலவுகளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.
>
> 12 சீருடைகளின் முதுகுப்புறமும் தங்கள் கடையின் பெயரும் தெருவும் இருக்கும். ஒரு வருடத்துக்கு அந்த இடத்தில் வேறு கடையின் பெயர் வராது. ஒவ்வொரு போட்டியிலும் தங்கள் கடை பெயரை அறிவிக்கச் சொல்லி அமைப்பாளரிடம் எழுதிக் கொடுப்போம். சீருடை வந்ததும் பில் நகலும் அணியின் புகைப்படமும் தங்களிடம் தருவோம்.
>
> மார்கழி 10-க்குள் ஆர்டர் கொடுத்தால் பொங்கல் போட்டிக்குச் சீருடை வந்துவிடும். அதற்குள் தங்கள் முடிவைச் சொன்னால் உதவியாக இருக்கும்.
>
> (பயிற்சியாளர், அணித்தலைவி கையெழுத்து, போன் நம்பர்)

"குறைந்தது ஐந்தில்"னு எழுதுனதை கவனிச்சீங்களா, நாங்க எப்பவும் அஞ்சுக்கு மேலதான் போவோம், ஆனா மழை, பரீட்சை, ஒரு பொண்ணுக்கு காலு பிசகுறதுன்னு எது வேணா வரும். கண்டிப்பா முடியும்ங்கறதை மட்டும் எழுதுங்க.

2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல ஆசிய இளையோர் போட்டில இந்திய பொண்ணுங்க கபடி டீம் தங்கம் வாங்குச்சு, அதுல கண்ணகி நகர் கார்த்திகா இருந்தாங்க. அதுக்கப்புறம் கடைக்காரங்களே அந்த பேச்சை எடுக்குறாங்க. அவங்க எடுத்தா சந்தோஷமா பேசுங்க, லெட்டர்ல மட்டும் "எங்க டீம்லயும் நாளைக்கு ஒரு கார்த்திகா"ன்னு எழுத வேணாம், நீங்க கேக்குறது உங்க 12 பேருக்கு.

எந்த நேரத்துல போய் கேக்கணும்?

லெட்டரை விட இதுலதான் நிறைய பேருக்கு காரியம் கெடுது.

காலைல கடை திறந்ததும் போகாதீங்க. முதல் போணி ஆகாம கல்லால இருந்து காசு எடுக்கச் சொல்றது அவங்களுக்கு சங்கடம். சாயங்காலம் விளக்கு வச்சதுக்கப்புறம் வெளிய காசு குடுக்க மாட்டேன்னு இருக்கவங்க நிறைய பேர், வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். ஹார்ட்வேர்ஸ் கடைன்னா காலைல வேலைக்கு போற ஆளுங்க சாமான் எடுக்குற நேரம் கடை பொங்கி வழியும், அது ஓயணும். எங்களுக்கு தோதா இருந்தது மத்தியானம் மூணு மணி வாக்குல, செவ்வாய் வெள்ளி இல்லாத நாள்.

மாசக்கணக்கும் பாக்கணும். பெயிண்ட் கடைக்கு தீபாவளிக்கு முன்னாடியும் பொங்கலுக்கு முன்னாடியும் தலை தூக்க நேரமிருக்காது, பேச விட மாட்டாங்க. தீபாவளி முடிஞ்சு ஒரு பத்து நாள் கழிச்சு போனீங்கன்னா சரக்கும் கொஞ்சம் வித்திருக்கும், கைல காசும் இருக்கும், உங்களுக்கும் பொங்கல் போட்டிக்கு ஜெர்சி வர்றதுக்கு டைம் இருக்கும்.

போறது ரெண்டு மூணு பேர் போதும். கோச்சும் கேப்டன் பொண்ணும் கண்டிப்பா. நாங்க போனப்ப எங்க கேப்டன் பழைய ஜெர்சி ஒண்ணை கைல எடுத்துட்டு வந்தா, பிடிச்சு இழுத்து இழுத்து தோள்பட்டை தையல் விட்டு ஊக்கு குத்தி வச்சிருந்தது. அவ அதை மேசைல விரிச்சு "அண்ணாச்சி, இதைத்தான் போட்டு விளையாடுறோம், உங்க பேர் இந்த இடத்துல வரும்"னு முதுகை தொட்டு காட்டுனா. அதுக்கு மேல நாங்க பேச வேண்டியது பெருசா இருக்கல.

"யோசிச்சு சொல்றேன்", "பாதி தரேன்" அப்படின்னா என்ன பண்றது?

யோசிச்சு சொல்றேன்னா எப்ப வரட்டும்னு அங்கயே கேட்டு அந்த நாள்ல சரியா போங்க. ரெண்டாவது தடவையும் தள்ளிப்போட்டா விருப்பமில்லன்னு அர்த்தம், "பரவால்ல அண்ணாச்சி, மேட்ச் பாக்க வாங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த கடைக்கு போயிருங்க. மூணாவது தடவை போய் நிக்காதீங்க, அடுத்த வருஷத்துக்கு அந்த கதவு திறந்திருக்கணும்.

பாதி தரேன்னு சொல்றப்பதான் யோசிக்கணும். 2500 வாங்கிட்டு முழு முதுகையும் குடுத்தா மீதி 2500க்கு விக்க உங்ககிட்ட இடம் இருக்காது. அதனால முதுகை பிரிங்க, நம்பருக்கு மேல ஒரு கடை, நம்பருக்கு கீழ இன்னொரு கடை, ஆனா ரெண்டும் ஒரே தொழிலா இருக்கக்கூடாது. "அப்படின்னா கீழ வேற ஒரு கடை பேர் வரும், சம்மதமா"ன்னு அப்பவே கேட்டுருங்க. பல பேர் அந்த இடத்துல முழுசா நானே தரேன்னு சொல்லிருவாங்க. ஒரு ரூபா சேத்து 5001ஆ குடுத்தா ரசீதுலயும் 5001னே எழுதுங்க.

பணமா இல்லாம பொருளா குடுத்தாலும் வாங்கிக்கலாம், ஆனா உங்களுக்கு தேவையான பொருளா இருக்கணும். களத்துல கோடு போடுற சுண்ணாம்பு, பந்தலுக்கு கயிறுன்னா சரி. அதுக்கு முதுகு கிடையாது, மைக் சீட்டுல பேர் மட்டும்.

எங்க குழு ரிஜிஸ்டர் பண்ணல. பணம் வாங்கலாமா? ரசீது எப்படி?

வாங்கலாம். ஆனா ரசீதுல "நன்கொடை"ன்னு எழுதாதீங்க, "சீருடை விளம்பரத்துக்காக"ன்னு எழுதுங்க. அவர் அதை கடையோட விளம்பர செலவுல காட்டலாம், ஆடிட்டர் கேட்டா லெட்டர் நகலும் ஜெர்சி போட்டோவும் ஆதாரம். சில கடைக்காரங்க 80ஜி ரசீது இருக்கான்னு கேப்பாங்க, அது வருமானவரித் துறைகிட்ட அந்த அனுமதி வாங்கின அறக்கட்டளை, சங்கம் மட்டும் குடுக்குறது. "எங்ககிட்ட இல்ல அண்ணாச்சி, இது விளம்பரமாதான்"னு நேரா சொல்லிருங்க.

ரொக்கமா 5000க்கு மேல வாங்கினா ரசீதுல ஒரு ரூபா ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அது மேல கையெழுத்து போடணும், அந்த 5001க்கும் சேத்துதான். ஜிபேல வந்தா யாரோட நம்பருக்கு வருதுன்னு ரசீதுல எழுதி, டீம்ல இன்னொருத்தரும் கையெழுத்து போடுங்க. முடிஞ்சா ரெண்டு பேர் சேர்ந்து ஒரு ஜாயின்ட் அக்கவுண்ட் திறந்துக்கோங்க, பொண்ணுங்க வீட்டுல கேள்வி வராது. வருஷா வருஷம் தொகை பெருசாகிட்டே போனா தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ல பதிவு பண்றது நல்லது, ஏழு பேர் இருந்தா பண்ணலாம்.

கவுன்சிலர் முழு செலவும் தரேங்கறாரு. வேற ஒருத்தர் பீடி கம்பெனி பேர் போட்டா பத்தாயிரம்ங்கறாரு.

பீடி முடியவே முடியாது. புகையிலை பொருளுக்கு விளம்பரமா ஸ்பான்சர்ஷிப் குடுக்குறதையும் அந்த ஒப்பந்தத்துல சேர்றதையும் 2003 சட்டம் தடை பண்ணிருக்கு. எங்க டீம் பொண்ணுங்கள்ல நிறைய பேரோட அம்மா பீடி சுத்தித்தான் இவங்களை படிக்க வைக்கிறாங்க, அந்த உழைப்பு மேல எங்களுக்கு பெரிய மரியாதை உண்டு, ஆனா சின்ன பொண்ணுங்க முதுகுல அந்த பேர் வரக்கூடாது.

கட்சிக்காரர், ஜாதி சங்கம் ரெண்டையும் நாங்க வாங்குறதில்ல. அந்த பேரோட இன்னொரு ஊர் களத்துல இறங்குனா, பொண்ணுங்க விளையாடுறதுக்கு முன்னாடியே கூட்டம் ரெண்டா பிரிஞ்சிரும். சில வீட்டுல பொண்ணை அனுப்பவே மாட்டாங்க. கவுன்சிலருக்கு உதவி பண்ண மனசிருந்தா மைதானத்துல லைட்டும் தண்ணி குழாயும் போட்டுத்தரச் சொல்லி மனு குடுங்க, அது அவர் பதவில இருந்து செய்ய வேண்டிய வேலையும் கூட.

பணம் வந்தாச்சு. ஜெர்சி அடிக்கிறப்ப என்ன பாக்கணும்?

சப்ளிமேஷன் ஜெர்சில துணில முதல்ல பிரிண்ட் போட்டுட்டுதான் தைப்பாங்க. அதனால ஸ்பான்சர் முடிவாகாம ஆர்டர் குடுத்துட்டு அப்புறம் பேரை ஒட்டிக்கலாம்னு நினைக்காதீங்க. மேல ஒட்டுற ஸ்டிக்கர் கிரிக்கெட்டுக்கு தாங்கலாம், கபடில நாலு பேர் சேர்ந்து இழுக்குறப்ப ஓரம் தூக்க ஆரம்பிச்சிரும். ரெண்டு மேட்ச்ல பாதி பேர்தான் இருக்கும், கடைக்காரர் மனசு கஷ்டப்படும்.

கடை பேரை வாட்ஸாப்ல டைப் பண்ணி அனுப்பி விட்றாதீங்க. அவர் விசிட்டிங் கார்டு அடிச்ச பிரஸ்ல கோரல்டிரா பைல் இருக்கும், அதை வாங்கி அனுப்புங்க. நம்ம டைப் பண்றது ஜெர்சி அடிக்கிறவங்க பழைய ஃபாண்ட்ல ஏத்துறப்ப எழுத்து மாறி வர்றது சகஜம், கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் நிக்கும். டிசைன் வந்ததும் கடைக்காரர்கிட்டயே காட்டி "சரி"ன்னு அவர் கையால வாட்ஸாப்ல மெசேஜ் வாங்கிட்டு அப்புறம் பிரிண்ட் ஓட்டச் சொல்லுங்க. போன் நம்பர் போட வேணாம், ஓடுற பொண்ணு முதுகுல யாரும் பத்து நம்பரை படிக்க முடியாது, பேரும் தெருவும் பெருசா இருந்தாலே போதும். விளையாட்டு நம்பர் தெளிவா தெரியணும், அதை மறைச்சு கடை பேர் வந்தா நடுவர் ஒத்துக்க மாட்டாரு.

பொண்ணுங்க போட்டோவை கடைல மாட்டணும், ஸ்டேட்டஸ்ல போடணும்னு கேக்குறாங்க. குடுக்கலாமா?

டீமா நிக்கிற போட்டோ மட்டும், அதுவும் 18 வயசுக்கு கீழ இருக்கவங்க வீட்டுல எழுதி வாங்குனதுக்கப்புறம். தனி ஆள் போட்டோ, பேர், ஸ்கூல் பேர் எதுவும் வெளிய போகக்கூடாது. ஒரு வீட்டுல வேணாம்னு சொன்னா அந்த பொண்ணு இல்லாம எடுங்க, ஏன்னு கேட்டு வற்புறுத்தாதீங்க. இதை கடைக்காரர்கிட்ட பணம் வாங்குறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க.

ஸ்கூல் போட்டி, அரசு போட்டிக்கும் இதே ஜெர்சி போடலாமா?

அங்க விதி வேற மாதிரி இருக்கலாம், ஒவ்வொரு போட்டிக்கும் நடத்துறவங்ககிட்ட கேட்டுத்தான் போடணும். அதனால கடைக்காரர்கிட்ட ஊர் ஓபன் போட்டிகளை மட்டும் கணக்குல சொல்லுங்க.

சீசன் முடிஞ்சது. அடுத்த வருஷம் அதே கடைல கேக்கலாமா?

கேக்கலாம், நடுவுல நீங்க என்ன பண்ணீங்கங்கறதை பொறுத்து. ஜெர்சி வந்த வாரமே பில் நகலையும் டீம் போட்டோவையும் கொண்டு போய் குடுத்திருக்கணும். 4800க்கு பதிலா 4650 ஆகியிருந்தா மீதி 150ஐ என்ன செய்யன்னு அவர்கிட்டயே கேளுங்க, "வச்சுக்கோங்க"ன்னுதான் சொல்லுவாரு, ஆனா கேக்கணும். மேட்ச் முடிஞ்ச மறுநாள் எந்த ஊர், யாரோட மோதினோம், எத்தனை பாயிண்ட்னு ரெண்டு வரி வாட்ஸாப் போடுங்க, தோத்திருந்தாலும் போடுங்க. அஞ்சு போட்டின்னு எழுதி குடுத்துட்டு மூணுதான் முடிஞ்சதுன்னா சீசன் முடியறதுக்குள்ள நேர்ல போய் சொல்லி, பாக்கி ரெண்டும் அடுத்த பொங்கலுக்கு அவர் பேர்லயே ஆடித் தர்றோம்னு சொல்லுங்க.

வைகாசி முடிஞ்சதும் ஒரு பக்கத்துல எல்லா போட்டியோட பேர், தேதி, சுமாரா வந்த கூட்டம் எழுதி குடுத்துட்டு வந்துருங்க, அன்னைக்கு பணத்தை பத்தி பேசாதீங்க. அடுத்த கார்த்திகைல போறப்ப அந்த தாளோட நகல் ஒண்ணை புது லெட்டரோட பின் பண்ணிக்கோங்க, ஜெர்சி இன்னும் நல்லா இருந்தா ஜெர்சி கேக்காதீங்க, வேற என்ன தேவையோ அதோட கொட்டேஷனை எடுத்துட்டு போங்க.